விஞ்ஞானியைப் பற்றிய படத்தில் முதலில் சரிபார்க்க வேண்டிய காட்சி

பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கைப் பற்றி 2014-இல் வந்த 'தி இமிடேஷன் கேம்' படத்தைப் பார்த்த பிள்ளைகளிடம் எந்தக் காட்சி நினைவிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் மதுக்கூடக் காட்சியைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறியை உடைக்க டூரிங் கட்டிய இயந்திரம் நாள் முழுவதும் ஓடியும் விடை தராமல் நிற்கிறது. ஒரு மாலையில், தான் ஒட்டுக்கேட்கும் ஜெர்மானியர் ஒவ்வொரு செய்தியையும் ஒரே எழுத்துகளோடு தொடங்குகிறார் என்று ஒரு பெண் ஊழியர் பேச்சுவாக்கில் சொல்கிறார். டூரிங்கின் முகம் மாறுகிறது. எல்லோரும் இருட்டில் ஓடுகிறார்கள். தினமும் வரும் செய்திகளில் மாறாமல் வரும் சொற்களைத் தேடி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். அது சுழன்று நிற்கிறது, விடை வந்துவிட்டது.

விறுவிறுப்பான காட்சிதான், ஆனால் உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கவும் முடியாது. படத்தில் எது உண்மை, எது கற்பனை என்று பட்டியல் போடுவதைவிட, இந்த ஒரு காட்சி ஏன் தவறு என்று புரிந்துகொள்வது அதிகம் பயன் தரும். விஞ்ஞானிகளைப் பற்றிய எந்தப் படத்தையும் எடைபோடும் வழி அதற்குள் இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாழ்க்கை வரலாற்றுப் படம் ஒவ்வொன்றிலும் மாற்றங்கள் இருக்கும். முப்பது ஆண்டுகளை இரண்டு மணி நேரத்தில் அடக்கும்போது நிகழ்ச்சிகள் நெருக்கிவைக்கப்படும், ஐந்து அதிகாரிகள் ஒரே பாத்திரமாவார்கள், உரையாடல் முழுக்க எழுத்தாளரின் கற்பனையாகவே இருக்கும். இவற்றைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை. பார்ப்பவரின் அறிவில் தவறான ஒன்றைப் பதியவைக்கும் மாற்றங்கள் வேறு வகை. என் கணக்கில் அவை இரண்டு: கண்டுபிடிப்பு எப்படி நிகழ்ந்தது என்பதை மாற்றுவது, உண்மையில் வாழ்ந்த ஒருவரின் மீது அவர் செய்யாத செயலை ஏற்றுவது. பதின்பருவத்துப் பிள்ளைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டைத் தேடினால் போதும். ஆண்டு தப்பாக இருக்கிறதா, சட்டையின் நிறம் சரியா என்பதெல்லாம் பிறகு.

இனி அந்த மதுக்கூடக் காட்சிக்கு வருவோம். எனிக்மா இயந்திரத்தில் ஓர் எழுத்தை அழுத்தினால் வேறோர் எழுத்து விளக்காக ஒளிரும். அதன் உள்ளமைப்பில் ஒரு பலவீனம் இருந்தது: எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. ஓர் எழுத்தை எத்தனை முறை அழுத்தினாலும், மற்ற இருபத்தைந்தில் ஏதோ ஒன்றுதான் வரும். சிறிய விஷயமாகத் தோன்றும் இதுதான் மறைகுறியை உடைப்பவர்களுக்கு வாசலைத் திறந்தது.

ஜெர்மானியர்கள் நாள்தோறும் வானிலை அறிக்கை அனுப்புவார்கள் என்பது தெரியும். ஆகவே செய்தியில் எங்கோ வானிலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் இருக்கும் என்று ஊகிக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதைக் காண, சொல்லை மறைகுறிக்குக் கீழே வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்ப்பார்கள். விளக்கத்துக்காக நானே உருவாக்கிய சிறிய எடுத்துக்காட்டு இது. முதல் வரி மறைகுறி, மற்றவை ஊகித்த சொல்லை நான்கு இடங்களில் வைத்துப் பார்ப்பவை:

```
QFETEWKNB
WETTER
 WETTER
  WETTER
   WETTER
```

முதல் நிலையில் மேலிருந்து கீழாக ஒப்பிடுங்கள். நான்காம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கின்றன. எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது என்பதால் இந்த நிலை சாத்தியமில்லை. இரண்டாம் நிலையிலும் இரண்டு எழுத்துகள் மோதுகின்றன. நான்காம் நிலையில் ஒன்று மோதுகிறது. மூன்றாம் நிலையில் மட்டும் எந்த மோதலும் இல்லை. ஆகவே சொல் செய்தியின் இந்தப் பகுதியில் இருக்குமானால், அது மூன்றாம் இடத்தில்தான் தொடங்கியாக வேண்டும். பென்சிலும் தாளும் இருந்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்துவிடும் வேலை.

டூரிங் வடிவமைத்த 'பாம்ப்' இயந்திரம் இதற்கு அடுத்த படியைச் செய்தது. ஊகித்த சொல்லும் மறைகுறியும் சேர்ந்து எழுத்துகளுக்கிடையே இணைப்புகளைத் தருகின்றன. அந்த இணைப்புகளின்படி இயந்திரத்தின் பின்புறத்தில் கம்பிகளைப் பொருத்துவார்கள். பிறகு அது எனிக்மா சக்கரங்களின் நிலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, முரண்பாடு வரும் நிலைகளைத் தள்ளிக்கொண்டே போகும். முரண்பாடு வராத நிலையில் நிற்கும். அப்படி நின்ற இடமே விடையும் அல்ல. அது விடையாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே, அதை மனிதர்கள் தனியே சரிபார்த்தார்கள்.

இப்போது படத்தின் தவறு கண்ணுக்குத் தெரியும். ஊகித்த சொல் இல்லாமல் அந்த இயந்திரத்தில் கம்பிகளைப் பொருத்தவே முடியாது. இயந்திரத்தின் வடிவமைப்பே அந்த எண்ணத்தின் மீதுதான் எழுந்தது. படமோ இயந்திரத்தை முதலில் ஓடவிட்டு, அது ஏன் விடை தரவில்லை என்று தவித்து, ஒரு மாலையில் ஊகச்சொல் என்ற எண்ணம் பளிச்சிட்டதாகக் காட்டுகிறது. உண்மையான சிந்தனை 1939-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலேயே நடந்துவிட்டது. 'விக்டரி' என்று பெயரிடப்பட்ட முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது.

படம் பார்த்த பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறது? பெரிய இயந்திரத்தைக் கட்டிவிட்டு, மேதையின் தலையில் மின்னல் வெட்டும்வரை காத்திருப்பதுதான் அறிவியல் என்று கற்றுக்கொள்கிறது. நடந்ததோ நேர்மாறு. எதிரியின் இயந்திரத்தில் ஒரு சிறு குறையைக் கண்டு, அந்தக் குறையை முழுமையாகப் பயன்படுத்தும் கருவியைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். இந்த உண்மைக் கதை பிள்ளைகளுக்குக் கூடுதல் நம்பிக்கை தரும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் அதைத் தாங்களும் செய்து பார்க்க முடிகிறது. மின்னல் வெட்டுவதை யாராலும் பழக முடியாது.

இதே படத்தில் அடுத்த பெரிய மாற்றம், மற்றவர்களை ஓரங்கட்டியது. மரியன் ரெயெவ்ஸ்கி என்ற போலந்துக் கணிதவியலாளர் 1932-லேயே எனிக்மாவின் உள்கம்பி அமைப்பைக் கணிதத்தால் கண்டுபிடித்தார். அவரும் யெர்ஸி ருஷிட்ஸ்கியும் ஹென்ரிக் ஸிகால்ஸ்கியும் போருக்கு முன்பே பல ஆண்டுகள் ஜெர்மன் செய்திகளைப் படித்துவந்தார்கள். போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூலையில், போலந்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் வார்சாவுக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். படம் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. பாம்ப் இயந்திரத்தை வேகமாக்கிய முக்கியமான சேர்க்கையைத் தந்த கோர்டன் வெல்ச்மன் கதையில் ஒரு பாத்திரமாகக்கூட வரவில்லை. போரின் முடிவில், டூரிங் வேலை செய்த மறைகுறி உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். திரையில் நாம் பார்ப்பது ஓர் அறைக்குள் அரை டஜன் பேரை. கூடுதல் ஆட்களும் வசதிகளும் கேட்டு 1941 அக்டோபரில் சர்ச்சிலுக்குப் போன கடிதத்தில் டூரிங், வெல்ச்மன் உட்பட நான்கு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். படத்தில் டூரிங் தனியாக எழுதுகிறார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு ஒன்று. ஜான் கெய்ர்ன்கிராஸ் சோவியத் உளவாளியாக இருந்தது உண்மை. ஆனால் அவர் டூரிங்கோடு ஒரே குழுவில் வேலை செய்யவில்லை. படம் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, டூரிங் அவரை உளவாளி என்று கண்டுகொண்டதாகவும், தன் ஓரினச்சேர்க்கை வெளியே தெரிந்துவிடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி வாய்மூடியிருந்ததாகவும் காட்டுகிறது. போரில் நாட்டுக்காக உழைத்து, அதே நாட்டின் சட்டத்தால் 1952-இல் குற்றவாளியாக்கப்பட்ட மனிதர் மீது, உளவாளிக்கு உடந்தையாக இருந்தார் என்ற பொய்க் குற்றத்தையும் சுமத்துகிறது இந்தக் கற்பனை. அலஸ்டர் டெனிஸ்டனுக்கும் அநீதி நேர்ந்திருக்கிறது. டூரிங் போன்ற கணிதவியலாளர்களைத் தேடிச் சேர்த்த அந்த அதிகாரியைப் படம், இயந்திரத்தை நிறுத்தத் துடிக்கும் வில்லனாக்கியிருக்கிறது.

அப்படியானால் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாதா? காட்டலாம், ஆனால் தனியாக அல்ல. மேலே உள்ள எழுத்து விளையாட்டை முதலில் செய்யவையுங்கள், பிறகு படத்தைப் போடுங்கள். மதுக்கூடக் காட்சி வரும்போது, "இது இல்லாமல் அந்த இயந்திரத்தை இவ்வளவு நாளாக எப்படி ஓட்டினார்கள்?" என்று பிள்ளையே கேட்கும். படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

ஒரு படத்தைப் பார்க்கும் முன் நான் செய்யும் சோதனையும் இதன் அடிப்படையில்தான். படத்தில் கண்டுபிடிப்பு நிகழும் காட்சி எது என்று விமர்சனங்களையோ கதைச்சுருக்கத்தையோ படித்துத் தெரிந்துகொள்கிறேன். அந்த ஒரு காட்சியைப் பற்றி மட்டும் வரலாற்று நூல்களிலோ கண்டுபிடிப்பு நடந்த நிறுவனத்தின் ஆவணங்களிலோ தேடுகிறேன். அடுத்து, படத்தில் எதிரியாக வருபவர் உண்மையான பெயர் கொண்டவரா, கற்பனைப் பாத்திரமா என்று பார்க்கிறேன். இந்த இரண்டுக்கும் ஒரு மாலை போதும். நல்ல நூலைத் தழுவியது என்ற அறிவிப்பை மட்டும் நம்புவதில்லை. 'தி இமிடேஷன் கேம்' தழுவியது ஆண்ட்ரூ ஹாட்ஜஸ் எழுதிய மிகக் கவனமான வாழ்க்கை வரலாற்றை. நூலின் கவனம் படத்துக்குத் தானாக வந்துவிடவில்லை. ஆனாலும் அப்படி ஒரு நூல் இருப்பது நல்லதே, சரிபார்க்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் மிக மோசமாகத் தோற்கும் காட்சி ஒன்று 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தில் இருக்கிறது. இளம் கணிதவியலாளர் ஜான் நாஷும் நண்பர்களும் மதுக்கூடத்தில் இருக்கிறார்கள். சில பெண்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருத்தியை எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. எல்லோரும் அவளிடமே போனால் ஒருவருக்கொருவர் தடையாகிவிடுவோம், ஆகவே யாரும் அவளிடம் போகாமல் அவளுடைய தோழிகளிடம் பேசுவோம் என்கிறார் நாஷ். அந்த இடத்தில் அவருடைய புகழ்பெற்ற கோட்பாடு பிறந்துவிட்டதாகப் படம் சொல்கிறது.

நாஷ் சமநிலை என்பதன் பொருள் எளிது: மற்றவர்கள் தத்தம் முடிவை மாற்றாமல் இருக்கும்போது, எவரும் தன் முடிவை மட்டும் மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை. படத்தின் தீர்வை இதில் வைத்துப் பாருங்கள். மற்ற நண்பர்கள் அனைவரும் அந்தப் பெண்ணை விட்டு விலகிப் போய்விட்டார்கள். இப்போது ஒருவன் மட்டும் மனம் மாறி அவளிடம் போனால் அவனுக்குத் தடையே இல்லை, லாபம்தான். ஆகவே படம் காட்டும் தீர்வு சமநிலையே அல்ல. அந்தக் காட்சியின் கணக்குப்படியே பார்த்தாலும், ஒருவர் அவளிடமும் மற்றவர்கள் தோழிகளிடமும் போவதுதான் சமநிலை. கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்பது மட்டுமல்ல, கண்டுபிடிப்பு என்ன என்பதே இங்கே தவறாகிவிட்டது. பெண்களைப் பரிசுப்பொருளாக வைத்துக் கணக்குச் சொல்வதும் பிள்ளைகளிடம் பேச வேண்டிய விஷயம்.

அதே படத்தில் நாஷின் மனநோயும் மாற்றப்பட்டிருக்கிறது. திரையில் அவர் இல்லாத மனிதர்களைக் கண்ணால் காண்கிறார். உண்மையில் அவர் கேட்டது குரல்களை. கண்ணுக்குத் தெரியாததைத் திரையில் காட்டுவது கடினம் என்பதால் இதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் பிற்காலத்தில் புதிய மருந்துகளை உட்கொள்வதாக அவரைப் பேசவைத்திருக்கிறார்கள். உண்மையான நாஷ் 1970 வாக்கிலேயே மருந்தை நிறுத்திவிட்டார். அவருடைய அனுபவம் அரிதானது, மற்றவர்கள் பின்பற்றத் தக்கதல்ல. இதைச் சேர்த்துச் சொல்ல ஒரு பெரியவர் அருகில் இருந்தால் மட்டுமே இந்தப் படம், அதுவும் பதினாறு வயதுக்கு மேல்.

'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016) கலவையான படம், ஆனால் நான் தயங்காமல் காட்டுவேன். நாசாவில் வேலை செய்த கேதரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் ஆகிய மூன்று கறுப்பினப் பெண்களின் கதை. அதன் மையக் காட்சி உண்மை. 1962 பிப்ரவரியில் பூமியைச் சுற்றப் போகும் முன், கணினி தந்த எண்களை ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று விண்வெளி வீரர் ஜான் கிளென் கேட்டது நடந்ததுதான். படத்தில் அது சில நிமிடங்களில் முடிந்து, அவர் தாளோடு ஓடிவருகிறார். உண்மையில் அந்த வேலை ஒன்றரை நாள் எடுத்தது. நேரத்தைச் சுருக்கியிருக்கிறார்கள், ஆனால் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதை மாற்றவில்லை. டோரதி வான் 1949-லேயே குழுத்தலைவராகிவிட்டார். படம் அந்தப் பதவிக்கான போராட்டத்தை 1961-க்குக் கொண்டுவருகிறது. இதுவும் நெருக்கிவைத்தல்தான்.

இங்கும் ஒரு காட்சியில் நிறுத்திப் பேச வேண்டும். கறுப்பினத்தவருக்கான கழிப்பறைப் பலகையை ஒரு வெள்ளை அதிகாரி இரும்புக் கம்பியால் அடித்து உடைக்கிறார். அந்த அதிகாரி கற்பனைப் பாத்திரம், அப்படி ஒரு சம்பவமும் இல்லை. கேதரின் ஜான்சன் பிரிவினைப் பலகைகளைப் பொருட்படுத்தாமல், பெயர் எழுதாத கழிப்பறைக்கே போய்வந்தார். தூரத்துக் கழிப்பறையைத் தேடி அலையவேண்டியிருந்த அனுபவம் மேரி ஜாக்சனுடையது. ஜான்சன் தாமே செய்த மௌன மறுப்பைப் படம் எடுத்து, அதை வெள்ளை அதிகாரியின் பெருந்தன்மையாக்கிவிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் நன்றாகவே புரியும், கோபமும் வரும்.

ராமானுஜனைப் பற்றிய 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) கணிதத்தில் மிக நேர்மையானது. கென் ஓனோ என்ற கணிதவியலாளர் ஆலோசகராக இருந்தது திரையில் தெரிகிறது. கதையின் கணிதம் எண்பிரிவினை. 4 என்ற எண்ணை எத்தனை வழிகளில் கூட்டல்களாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகள். 5-க்கு ஏழு. 10-க்கு நாற்பத்திரண்டு. 200-க்கு 3972999029388. மக்மஹோன் என்ற கணிதவியலாளர் இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணைப் படிப்படியாகக் கையால் கணக்கிட்டார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தின் சில உறுப்புகளை மட்டும் கூட்டி, அருகிலுள்ள முழு எண்ணை எடுத்தால் அதே எண் வந்தது. உள்ளுணர்வால் வந்த சூத்திரத்தை நிரூபிக்க வேண்டும் என்று ஹார்டி வற்புறுத்துவதே படத்தின் மைய மோதல், அது உண்மையான மோதலும்கூட.

தவறு குடும்பக் கதையில் இருக்கிறது. 1909-இல் திருமணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது வாக்கில்தான் இருக்கும். திரையில் வளர்ந்த பெண்ணாக, காதல் மனைவியாக வருகிறார். கணிதம் புரிவதற்கு இது தடையல்ல, ஆனால் அந்தக் காலத்தைப் பற்றிப் படம் தரும் சித்திரம் பொய். படம் முடிந்ததும் ஜானகியின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

'ஓப்பன்ஹைமர்' (2023) பற்றியும் கேட்பார்கள். அணுகுண்டு வெடித்தால் வளிமண்டலமே பற்றிக்கொள்ளுமோ என்ற கேள்வியோடு ஓப்பன்ஹைமர் ஐன்ஸ்டைனிடம் போவதாக அதில் வரும். உண்மையில் அவர் போய்ப் பேசியது ஆர்தர் காம்ப்டனிடம். மக்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்பதற்காக ஆள் மாற்றப்பட்டார். கேள்வியும் கவலையும் உண்மை என்பதால் இது என் கணக்கில் சிறிய மாற்றம். மூன்று மணி நேர நீளமும் வயதுவந்தோருக்கான காட்சிகளும்தான் பெரிய தடை. அதைக் கல்லூரிப் பருவத்துக்கு விட்டுவிடலாம்.

முதல் படமாக எதைக் காட்டுவது என்று கேட்டால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு 'ஹிடன் ஃபிகர்ஸ்'. கணிதத்தில் ஆர்வமுள்ள பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ராமானுஜன் படம், ஆனால் முந்தின நாளே 6, 7 ஆகிய எண்களின் பிரிவினைகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பதினொன்று, பதினைந்து என்று விடை வரவேண்டும். 7-இல் ஒன்றிரண்டை விட்டுவிடுவது எளிது, அதைக் கண்டுபிடித்தபின் 200-க்கான எண்ணைத் திரையில் பார்க்கும்போது அதன் அளவு பிள்ளைக்குப் புரியும். டூரிங் படம் அதற்குப் பிறகு, எழுத்து விளையாட்டோடு சேர்த்து.